சென்னை–சிங்கப்பூர்: வெள்ளி போனால் 28,800, புதன் போனால் 23,100. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ரேவதி_தாம்பரம்

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, சிங்கப்பூரில் இருக்கிறாள். நான், கணவர், அம்மா, அப்பா நான்கு பேரும் ஜூலையில் போய் வரலாம் என்று இருக்கிறோம். கணவருக்கு ஐந்து நாள் லீவுதான் கிடைக்கும். அதனால் 10ஆம் தேதி வெள்ளி இரவு கிளம்பி 19ஆம் தேதி ஞாயிறு திரும்புவதாகப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்குப் போக வர 28,800. நான்கு பேருக்கு 1,15,200 ரூபாய்.

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் இதே ஊருக்கு 17 ஆயிரத்தில் போய் வந்தார். "நடுவாரத்தில் போம்மா, பாதிதான் ஆகும்" என்றார். சரி என்று கிளம்பும் நாளை மட்டும் 8ஆம் தேதி புதனுக்கு மாற்றினேன். 23,100 வந்தது. குறைந்தது உண்மைதான், ஆனால் அக்கா சொன்ன அளவுக்கு இல்லை.

அதே விமானம், அதே சீட், அதே நான்கு மணி நேரம். கிழமைக்கு ஏன் இந்த விலை? அப்புறம் கூகுள் ஃபிளைட்ஸில் "Date grid" என்று ஒரு கட்டம் வருகிறதே, அதை எப்படிப் படிப்பது?

---

கோவை_செந்தில்

இதற்கு வழி சுலபம். செவ்வாய்க்கிழமை இரவு 12 மணிக்கு மேல் புக் செய்யுங்கள். அந்த நேரத்தில்தான் கம்பெனிகள் விலையைக் குறைக்கும். பிரவுசரில் இன்காக்னிட்டோ போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தேடியதைப் பார்த்து விலையை ஏற்றிவிடுவார்கள். நான் மூன்று தடவை இப்படித்தான் டிக்கெட் எடுத்தேன், மூன்று தடவையும் குறைவாகக் கிடைத்தது.

---

டிக்கெட்டிங்_மணி

செந்தில் தம்பி, நீங்கள் சொல்வது டிக்கெட் வாங்கும் நாள். ரேவதி கேட்பது பறக்கும் நாள். இரண்டும் வேறு. 19 வருடம் டிக்கெட்டிங் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தவர்களே அதிகம். வாங்கும் நாள் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரேவதி, நீங்கள் தாம்பரம் என்பதால் கிளாம்பாக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஆம்னி பஸ் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். அதே பஸ், அதே டிரைவர், புதன்கிழமை பாதி விலைக்கு ஓடும். ஓடாமலும் நிறுத்த முடியாது, வண்டிக்கு மாதத் தவணை ஏறிக்கொண்டேதான் இருக்கும். விமானத்துக்கும் இதே கதைதான். வெள்ளிக்கும் புதனுக்கும் ஏறக்குறைய அதே அளவு விமானம்தான் போகிறது, ஏற நினைக்கும் ஆள்தான் மாறுகிறார்கள். கதவு சாத்திய பிறகு காலியாக இருக்கும் சீட்டை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது.

ஆனால் "கூட்டம் அதிகம், அதனால் விலை அதிகம்" என்று நிறுத்திவிட்டால் பாதிதான் புரியும். ஜூலை வெள்ளிக்கிழமை விமானம் இன்றைக்குக் காலியாகத்தான் இருக்கும். காலியாக இருக்கும்போதே ஏன் விலை ஏறி நிற்கிறது? அதுதான் முக்கியமான இடம்.

ஒரு விமானத்தில் 180 சீட் என்று வையுங்கள். எல்லா சீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் கம்பெனி அதைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். நாங்கள் கவுண்டரில் "லோயர் கிளாஸ் ஓபனா இருக்கா" என்று கேட்போமே, அதுதான். கணக்கு சுலபமாக இருக்க இரண்டே படி என்று வைப்போம். சீக்கிரம் வாங்குகிறவருக்கு 8,000, கடைசி நேரத்தில் வருகிறவருக்கு 16,000. கடைசி நேரக்காரருக்காக எத்தனை சீட்டை ஒதுக்கி வைப்பது? அந்த சீட் 16,000க்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும் வரை அதை 8,000க்குக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் லாபம். ஏன் பாதி? 8,000 என்பது 16,000இல் பாதி, அவ்வளவுதான். இந்தக் கணக்கை 1972இல் பி.ஓ.ஏ.சி. விமானக் கம்பெனியில் இருந்த கென் லிட்டில்வுட் எழுதி வைத்தார். இன்றைக்கு எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் அடிப்படை அதுதான்.

இப்போது பழைய பதிவுகளைப் பார்த்து, வெள்ளி இரவு விமானத்துக்குக் கடைசி நேரத்தில் 70 பேர் வருவார்கள் என்று கம்ப்யூட்டர் கணிக்கிறது, புதனுக்கு 25 பேர் என்று கணிக்கிறது. அப்படியானால் வெள்ளியில் மலிவு சீட் 110, புதனில் 155. இது உதாரணத்துக்குச் சொன்ன எண், உண்மையில் படிகள் பத்துக்கு மேல் இருக்கும். ஆனால் நடப்பது இதுதான். வெள்ளியின் 110 மலிவு சீட் சீக்கிரம் தீரும். புதனின் 155 நீங்கள் தேடும் நாள் வரைக்கும் மிச்சம் இருக்கும். நீங்கள் பார்க்கும் 28,800 என்பது "வெள்ளி விலை" என்று யாரோ எழுதி ஒட்டியது இல்லை. கீழ்ப்படிகள் மூடிய பிறகு அன்றைக்குத் திறந்திருக்கும் படியின் விலை.

சில பெரிய கம்பெனிகள் கிழமையை விலையிலேயே எழுதியும் வைப்பார்கள், அது தனி. முதலில் உங்கள் கட்டத்தை இங்கே போடுங்கள். நான்கு பேர் என்று போட்டே எடுங்கள்.

---

நெல்லைக்காரன்

புதன்கிழமை தட்கல் எடுத்தால் குறையுமா? நான் மாதம் இரண்டு தடவை சென்னை–திருநெல்வேலி போகிறேன். வெள்ளிக்கிழமை எடுத்தாலும் புதன் எடுத்தாலும் ஒரே விலைதான் வருகிறது.

---

டிக்கெட்டிங்_மணி

தம்பி, இது விமான டிக்கெட் பற்றிய பேச்சு. ரயிலில் கிழமைக்குத் தனி விலை கிடையாது. தட்கலும் அப்படியே. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பரில் ஃப்ளெக்ஸி ஃபேர் கொண்டுவந்தார்கள். பத்து சதவீத சீட் விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் ஓர் உச்ச வரம்பு வரை பத்து சதவீதம் ஏறும். அதில் கூட்டமில்லாத நாளில் மெதுவாக நிரம்புவதால் உங்களுக்குக் கீழ்ப்படி கிடைக்கலாம். நீங்கள் போகும் வண்டிக்கு அது இல்லை. உங்களுக்குப் புதனில் கிடைக்கும் லாபம் கன்ஃபர்ம் சீட், அதுவும் சின்ன விஷயம் இல்லை.

---

ரேவதி_தாம்பரம்

மணி சார், நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. கட்டம் இதோ. மேலே கிளம்பும் நாள், இடது பக்கம் திரும்பும் நாள். அதில் நான்கு பேருக்கும் சேர்த்து வந்தது, நான் நான்கால் வகுத்துப் போட்டிருக்கிறேன்.

| திரும்புவது | புதன் 8 | வியாழன் 9 | வெள்ளி 10 | சனி 11 |
|---|---|---|---|---|
| ஞாயிறு 19 | 23,100 | 24,500 | 28,800 | 25,300 |
| திங்கள் 20 | 19,500 | 20,900 | 25,200 | 21,700 |
| செவ்வாய் 21 | 17,100 | 18,500 | 22,800 | 19,300 |

பக்கத்திலேயே "Price graph" என்றும் ஒன்று இருக்கிறது. அதில் பார்த்தால் புதன் அவ்வளவு மலிவாகத் தெரியவில்லை. எதை நம்புவது?

---

டிக்கெட்டிங்_மணி

அருமை, இதைவிடத் தெளிவான கட்டம் கிடைக்காது. இதை எண்களின் குவியலாகப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஞாயிறு வரிசையில் புதனிலிருந்து வெள்ளிக்கு வந்தால் எவ்வளவு கூடுகிறது? 5,700. திங்கள் வரிசையில்? அங்கேயும் 5,700. செவ்வாயிலும் அதேதான். ஆக வெள்ளி இரவு கிளம்புவதற்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் 5,700. இப்போது மேலிருந்து கீழே வாருங்கள். புதன் பத்தியில் ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் 6,000 வித்தியாசம், எந்தப் பத்தியில் பார்த்தாலும் 6,000. ஞாயிறு திரும்புவதற்கான கூடுதல் அது.

ஆக 28,800இல் 11,700 ரூபாய் இரண்டு கிழமைகளுக்காக மட்டும். நீங்கள் கிளம்பும் நாளை மட்டும் நகர்த்தினீர்கள், அதனால் முதல் 5,700 மட்டும் குறைந்தது. உங்கள் அக்கா இரண்டு பக்கமும் நடுவாரத்தில் போயிருப்பார். நிறைய பேர் போகும் நாளை மட்டும் யோசிக்கிறார்கள். திரும்பும் ஞாயிறுதான் பல சமயம் அதிகமாகக் கடிக்கும், ஏனென்றால் திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்த ஒரே நாளில் வருவார்கள்.

அடுத்தது கிராஃப். அது தங்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பயணத்தை அப்படியே நகர்த்திக் காட்டும். நீங்கள் ஒன்பது இரவு என்று தேடியிருக்கிறீர்கள். புதன் கிளம்பினால் ஒன்பதாவது இரவுக்குப் பிறகு வருவது வெள்ளி. ஆக கிராஃபில் நீங்கள் பார்த்த "புதன்" உண்மையில் புதன் போய் வெள்ளி வருவது. ஒரு பக்க லாபத்தை மறுபக்கம் தின்றுவிட்டது. ஏழு இரவு என்று போட்டால் புதன்–புதன் ஆகிவிடும், கிராஃபின் முகமே மாறும். எந்த மாதம் மலிவு என்று பார்க்க கிராஃப் நல்லது, எந்தக் கிழமை என்று பார்க்கக் கட்டம்தான்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சனி 11 மலிவாகத் தெரிகிறதே, அது எத்தனை மணி விமானம்?

---

ரேவதி_தாம்பரம்

இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். கட்டத்தில் இருக்கும் விலையில் போகும் பக்கத்துக்கு மட்டும் 10,400, அது சனிக்கிழமை பகல் விமானம். சனி அதிகாலை 1.20க்கு ஒன்று இருக்கிறது, அதற்கு 13,600. ஒரே தேதியில் ஏன் இப்படி?

---

டிக்கெட்டிங்_மணி

இதைத்தான் எதிர்பார்த்தேன். சனி 1.20 என்பது தேதியில்தான் சனி. ஏறுகிறவர்கள் வெள்ளி ஆபீஸ் முடித்து, வீட்டில் சாப்பிட்டு, பத்து மணிக்கு மீனம்பாக்கம் வருகிறவர்கள். அது வெள்ளிக்கிழமைக் கூட்டம். நம் ஊரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பலவும் நடுராத்திரியில் கிளம்புவதால் கட்டத்தில் இந்த வழுக்கல் எப்போதும் இருக்கும். நள்ளிரவு தாண்டிய விமானத்தைப் பார்த்தால் முந்தைய நாளின் கூட்டம் என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இது விலையில் மட்டும் ஏமாற்றாது. "புதன் 00.40" என்று டிக்கெட்டில் இருப்பதைப் பார்த்துப் புதன்கிழமை இரவு பெட்டியோடு வந்து நின்றவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களின் விமானம் 24 மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது. அம்மா அப்பாவோடு போகிறீர்கள், தேதியை இரண்டு தடவை படியுங்கள்.

---

தம்மாம்_ரஃபீக்

மணி பாய், எல்லாம் சரி. ஆனால் "வெள்ளி விலை அதிகம், நடுவாரம் குறைவு" என்பதைச் சவூதியில் இருக்கிறவர்கள் அப்படியே எடுத்தால் கஷ்டம். இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. எங்களுக்கு வியாழன் ராத்திரிதான் உங்கள் வெள்ளி ராத்திரி. வேலை முடிந்து நேராக ஏர்போர்ட். ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள், அன்றைக்கு ஊருக்குக் கிளம்பினால் பல சமயம் குறைவாகக் கிடைக்கும்.

நான் இங்கே வந்த புதிதில் விடுமுறை வியாழன், வெள்ளி. 2013இல் மாற்றினார்கள். அதோடு விலை ஏறும் ராத்திரியும் ஒரு நாள் நகர்ந்தது, புதன் ராத்திரியிலிருந்து வியாழன் ராத்திரிக்கு. அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு ஆக்கிவிட்டார்கள், வெள்ளி மதியம் வரை வேலை. துபாயில் இருக்கும் என் மச்சானுக்கும் எனக்கும் மலிவு நாள் ஒன்று இல்லை.

---

டிக்கெட்டிங்_மணி

ரஃபீக் பாய், நல்லவேளை சொன்னீர்கள். கிழமையில் மந்திரம் எதுவும் இல்லை, எந்த ஊரில் எப்போது வேலை முடிகிறது, எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதுதான். கிளாம்பாக்கத்தையே பாருங்கள். வெள்ளி இரவு தெற்கே போகும் பஸ்தான் நிரம்பும், மதுரையிலிருந்து சென்னை வரும் பஸ்ஸில் படுத்துக்கொண்டே வரலாம். ஞாயிறு இரவு அப்படியே தலைகீழ். விமானத்திலும் திசை உண்டு. ஞாயிறு என்றாலே விலை அதிகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போனால் ஞாயிறும் மலிவுதான்.

உள்நாட்டில் சென்னை–டெல்லி மாதிரி ஆபீஸ்காரர்கள் போகும் தடத்தில் திங்கள் காலை, வியாழன் வெள்ளி மாலை ஏறும், சனி மதியம் பல சமயம் புதனைவிடக் குறையும். அதனால்தான் நான் யாருக்கும் "புதன் போங்கள்" என்று வாய்ப்பாடாகச் சொல்வதில்லை. கட்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்பேன்.

---

ஃபிராங்க்ஃபர்ட்_அருள்

மணி சாரிடம் ஒரு சந்தேகம். போன டிசம்பருக்கு முன்பு அப்பாவைப் பார்க்கச் சென்னை வர வேண்டியிருந்தது, நான்கே நாள். திங்கள் கிளம்பி வெள்ளி திரும்புவதாகப் போட்டேன். இரண்டும் வேலை நாள், மலிவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே திங்கள் கிளம்பி அடுத்த திங்கள் வருவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. கட்டத்தில் திரும்பும் நாள் ஞாயிறுக்கு வந்ததும் விலை தடாலென்று விழுந்தது. ரேவதி அவர்கள் கட்டத்தில் இருப்பது போல ஒரே சீரான வித்தியாசம் என் கட்டத்தில் இல்லவே இல்லை. அது ஏன்?

பிறகு வந்த ரசீதில் கட்டணக் குறியீடு என்று ஒரு எழுத்துச் சரம் இருந்தது, நடுவில் X இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

---

டிக்கெட்டிங்_மணி

அருள், உங்கள் கட்டத்தில் தெரிந்தது விதி. ரேவதியின் கட்டத்தில் இருப்பது கூட்டல், அதாவது போகும் விலையும் வரும் விலையும் தனித்தனியே முடிவாகிச் சேர்கின்றன. அதனால்தான் எந்த வரிசையில் பார்த்தாலும் 5,700 மாறாமல் நின்றது. உங்களுடையதில் விலை ஓர் இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்கியது. வித்தியாசம் வரிசைக்கு வரிசை மாறினால், அங்கே தங்கும் நாளைப் பற்றிய நிபந்தனை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நீண்ட தூரத் தடங்களில் மலிவு ரிட்டர்ன் கட்டணங்களுக்குக் குறைந்தபட்சத் தங்கல் என்று ஒன்று வைப்பார்கள். ஒரு வகையில் இத்தனை நாள் என்று எண்ணிக்கை இருக்கும். இன்னொரு வகையில் போன இடத்தில் ஒரு சனி இரவு தங்கியிருக்க வேண்டும், ஞாயிறுக்கு முன்பு திரும்பக் கூடாது. கம்பெனிச் செலவில் திங்கள் போய் வெள்ளி வீட்டுக்கு வருகிறவரை, சொந்தக் காசில் போகிறவரிடமிருந்து பிரிக்கத்தான் இது. நீங்கள் சொந்தக் காசில்தான் போனீர்கள், ஆனால் உங்கள் தேதிகள் ஆபீஸ்காரர் மாதிரி இருந்தன. அந்த மாதிரி இடத்தில் நடுவாரம்–நடுவாரம் என்பதே விலையை ஏற்றிவிடும். ஒரே வாரத்துக்குள் போய் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

X பற்றி: முன்பு "கிழமையை விலையிலேயே எழுதி வைப்பார்கள்" என்றேனே, அது இதுதான். கட்டணக் குறியீட்டில் X வந்தால் பெரும்பாலும் வார நாள் கட்டணம், W வந்தால் வாரக்கடைசிக் கட்டணம். எந்தெந்தக் கிழமை X என்பது கம்பெனிக்குக் கம்பெனி, தடத்துக்குத் தடம் மாறும். திங்கள் முதல் வியாழன் என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் ஞாயிறையும் சேர்ப்பார். விதியைப் படிக்க வேண்டுமானால் matrix.itasoftware.com போய்த் தேடி, உங்கள் கட்டணத்தின் மேல் அழுத்தினால் விதி முழுவதும் வரும். டிக்கெட் அங்கே வாங்க முடியாது, பார்க்க மட்டும்தான். அதில் டே/டைம், மினிமம் ஸ்டே என்ற இரண்டு பத்தியைப் பாருங்கள், மீதி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

---

கோவை_செந்தில்

மணி சார், பறக்கும் நாள் வேறு, வாங்கும் நாள் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மூன்று தடவை செவ்வாய் இரவில் எனக்குக் குறைந்தது உண்மை. அதை எப்படி இல்லை என்று சொல்வீர்கள்?

---

டிக்கெட்டிங்_மணி

இல்லை என்று சொல்லவில்லை தம்பி. அந்தப் பேச்சு அமெரிக்காவில் ஒரு காலத்தில் நியாயமாகத்தான் பிறந்தது. அங்கே வாரத் தொடக்கத்தில் ஒரு கம்பெனி சலுகை அறிவிக்கும், மற்றவர்கள் செவ்வாய்க்குள் அதே விலைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் புது விலைகள் எல்லா கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேருவதே நாளுக்குச் சில தடவைதான். இன்றைக்குப் படிகள் எந்த நிமிஷமும் திறந்து மூடுகின்றன, செவ்வாய் வரை யாரும் காத்திருப்பதில்லை. உங்களுக்குக் குறைந்த அன்று புதன் காலையில் பார்த்தீர்களா, திங்கள் என்ன இருந்தது என்று குறித்து வைத்தீர்களா? அது இருந்தால் பேசலாம்.

இன்காக்னிட்டோ விஷயமும் அப்படியே. தேடத் தேட ஏறுவது போலத் தெரிவதற்குப் பல சமயம் காரணம், கீழ்ப்படியில் கடைசியாக இருந்த இரண்டு சீட் அதற்குள் போய்விட்டது.

---

கோவை_செந்தில்

குறித்து வைக்கவில்லை. அடுத்த மாதம் பயணம் இருக்கிறது, இந்தத் தடவை பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து இங்கேயே போடுகிறேன். அதுவரைக்கும் நான் செவ்வாயை விடப் போவதில்லை.

---

ரேவதி_தாம்பரம்

நேற்று இரவு வீட்டில் எல்லோரும் கட்டத்தை வைத்து உட்கார்ந்தோம். புதன் 8 போய் செவ்வாய் 21 வந்தால் நான்கு பேருக்கு 68,400. ஆனால் கணவருக்கு வியாழன், வெள்ளி, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் திங்கள், செவ்வாய் என்று ஒன்பது நாள் லீவு வேண்டும். அவருக்கு இருப்பது ஐந்து. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு வந்தால்தான் ஐந்தில் முடியும். 46,800 ரூபாய் மிச்சமாகும் என்று தெரிந்தும் கை எட்டவில்லை. மனசு கேட்கவில்லை.

இன்னொன்று, இன்று காலை 17,100 கட்டத்தை அழுத்தினால் உள்ளே 17,900 காட்டியது. பிறகு மறுபடி 17,100. இது என்ன?

---

டிக்கெட்டிங்_மணி

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கட்டத்தில் இருக்கும் எண்கள் எல்லாம் அந்த நொடியில் கேட்டு வாங்கியவை இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் சேமித்தவையும் இருக்கும். கட்டம் திசை காட்டும், விலையை உறுதி செய்வது உள்ளே போய்ப் பார்க்கும் பக்கம்தான். கட்டத்தை வைத்து இரண்டு மூன்று ஜோடித் தேதியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் கம்பெனியின் சொந்தத் தளத்தில் கடைசி வரை போய்ப் பாருங்கள். பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுப் படியில் கைப்பை மட்டும்தான் என்று இருந்தால், குழந்தைக்குப் பலகாரமும் மருந்துச் சாமானும் கொண்டுபோகும் அம்மாவுக்கு அது போதாது. பெட்டிக்குத் தனியாகக் கட்டினால் புதனின் லாபத்தில் ஒரு பகுதி போய்விடும்.

இப்போது லீவு. நான்கு பேரும் ஒரே டிக்கெட்டில் போக வேண்டும் என்று யார் சொன்னது? உங்களுக்கு லீவுப் பிரச்சினை இருக்கிறதா?

---

ரேவதி_தாம்பரம்

எனக்கு இல்லை சார், வீட்டிலிருந்துதான் வேலை. அம்மா அப்பா ரிட்டையர்ட்.

---

டிக்கெட்டிங்_மணி

அப்படியானால் நீங்கள் மூன்று பேர் புதன் போய் செவ்வாய் வாருங்கள். கணவர் மட்டும் வெள்ளி போய் ஞாயிறு வரட்டும். அவருக்குத் தேடும்போது ஒரு ஆள் என்று போட்டுத் தேடுங்கள், அதை மறந்துவிடாதீர்கள். நான்கு பேர் என்று போட்டால் ஒரே படியில் நான்கு சீட் இருக்க வேண்டும். கீழ்ப்படியில் இரண்டே சீட் மிச்சம் இருந்தால் அதை விட்டுவிட்டு நான்கையும் மேல்படி விலைக்குக் காட்டும். ஒருவருக்குத் தேடினால் அந்தக் கீழ்ப்படி கையில் வரலாம்.

---

ரேவதி_தாம்பரம்

சார், பார்த்துவிட்டேன்! அவருக்கு மட்டும் போட்டால் வெள்ளி–ஞாயிறு 28,800 இல்லை, 26,000. எங்கள் மூன்று பேருக்கு 51,300. மொத்தம் 77,300. முதலில் பார்த்ததைவிட 37,900 குறைவு, அவருக்கு லீவும் ஐந்து நாள்தான். கம்பெனித் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன், எங்கள் மூன்று பேருக்கும் பெட்டி சேர்ந்தே இருக்கிறது. அவருக்கு இல்லை, அவர் கைப்பையோடு வரட்டும்.

அம்மாவுக்குத்தான் மாப்பிள்ளை தனியாக வருவது சங்கடம். அப்பா "இரண்டு நாள் முன்னாடி பேரனைப் பார்க்கலாமே" என்கிறார். இன்று இரவு முடிவு செய்துவிடுவோம்.

---

ஃபிராங்க்ஃபர்ட்_அருள்

என் கட்டத்தை மறுபடி திறந்து பார்த்தேன். மணி சார் சொன்ன மாதிரி ஒவ்வொரு வரிசையிலும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், சனி இரவைத் தாண்டிய பிறகு எல்லாம் சீராகக் கூட்டலாகிவிடுகிறது. தாண்டாத மூலையில் மட்டும்தான் படிக்கட்டு. இந்தத் தடவை வியாழன் கிளம்பி செவ்வாய் திரும்புவதாகப் போட்டிருக்கிறேன். அப்பாவோடு இருப்பது ஒரு நாள் கூடும், விலை போன தடவையில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது.

---

தம்மாம்_ரஃபீக்

எனக்கு ஒன்று புரியவில்லை பாய். பெருநாளுக்கு முந்தைய வாரம் கட்டத்தைப் போட்டால் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி ஏறி நிற்கிறது. ஞாயிறும் செவ்வாயும் வியாழனும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது கட்டத்தில் என்ன பார்ப்பது?

---

டிக்கெட்டிங்_மணி

அந்த வாரத்தில் கிழமைக்கு வேலை இல்லை. தீபாவளி, பொங்கல், பெருநாள் எல்லாவற்றிலும் கூட்டம் கிழமையைப் பார்க்காமல் பண்டிகையைப் பார்க்கும். எல்லா நாளிலும் கீழ்ப்படி மூடியிருக்கும். நான் கட்டத்தை இரண்டு வாரம் தள்ளி விரித்துப் பார்ப்பேன். பண்டிகை நாள் அன்றே பறந்தால் சில சமயம் குறையும், அன்றைக்கு வீட்டில் இருக்கத்தானே எல்லோரும் முந்தியே போகிறார்கள். ஆனால் அன்று பறந்தால் பெருநாள் தொழுகைக்கு ஊரில் இருக்க முடியாதே பாய். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நீங்கள் துபாய் வழியாக வருவதைப் பார்த்தீர்களா, மச்சானிடம் கேட்டீர்களா? அங்கே விடுமுறை வேறு நாளில் தொடங்கினால் ஒரு வேளை இடம் கிடைக்கும்.

---

தம்மாம்_ரஃபீக்

கேட்டுப் பார்க்கிறேன். போன வருஷம் அவன் பஹ்ரைன் வழியாக வந்தான், என்ன விலை என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.